01-01-2000: கடலூர் செல்போன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் முதுநகரிலும் நெல்லிக்குப்பம் போகிற வழி நெடுகவும் செல்போன் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். லாரன்ஸ் ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் 14 வருடமாகக் கடை நடத்துகிறேன். டெம்பர் கிளாஸ் ஒட்டுவேன், டிஸ்ப்ளே மாற்றுவேன், ரீசார்ஜ் போடுவேன், ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு ஐடியும் போட்டுக் கொடுப்பேன். இந்த மடல் அந்தக் கடைசி வேலையைப் பற்றியது.

ஜிமெயிலோ இன்ஸ்டாகிராமோ, ஐடி போடும்போது பிறந்த தேதி கேட்கும். நாம் என்ன செய்வோம் என்று நமக்கே தெரியும். எதிரில் நாலு பேர் காத்திருப்பார்கள். பிள்ளையிடம் கேட்டால் அது அம்மாவைப் பார்க்கும், அம்மா ரேஷன் கார்டைத் தேடுவார். அதற்குள் கட்டைவிரலால் தேதிச் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளுவோம். நான் எப்போதும் போட்டது 01-01-2000. இரண்டாயிரம் என்றால் மனதில் நிற்கும், பாஸ்வேர்டு மறந்து வந்தாலும் தேதியைக் கேட்க வேண்டியதில்லை. என் கையால் இந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் அந்த ஒரே நாளில் பிறந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

போன ஆடி மாதம் முதுநகரிலிருந்து ஒரு அக்கா வந்தார். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துத் தலைச்சுமையாக விற்பவர். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் மதியம்தான் திரும்புவார். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார். கணவர் பஹ்ரைனில் படகு வேலை. மகள் ஒன்பதாவது, வயது 14. அக்காவிடம் பட்டன் போன், ஸ்மார்ட் போன் மகள் கையில். "தம்பி, யார் யாரோ பாப்பாவுக்கு ராத்திரில மெசேஜ் அனுப்புறானுவ. நீதானே ஐடி போட்டுக் குடுத்த, நீயே பாரு" என்று போனை மேசைமேல் வைத்தார்.

பார்த்தேன். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக நான் போட்டுக் கொடுத்த ஜிமெயில். அதே தேதியை வைத்து, பிள்ளைக்கு 13 ஆனதும் நானே திறந்து கொடுத்த இன்ஸ்டாகிராம். கூகுள் கணக்குப்படி அந்தப் பிள்ளைக்கு 26 வயது. மெசேஜ் பெட்டியில் `Requests` என்ற இடத்தில் முன்பின் தெரியாத ஆண்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. கணக்கு எல்லோருக்கும் திறந்து கிடந்தது. இரவு நேரத்துக்கு எந்தத் தடையும் இல்லை. கம்பெனி எதையும் மீறவில்லை. 26 வயதுக்காரருக்கு என்ன கொடுப்பார்களோ அதைத்தான் கொடுத்திருந்தார்கள். பொய் சொன்னது நான்.

நம்மில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இன்ஸ்டாகிராமில் `Teen Account` என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்கா முதலான நாடுகளில் 2024 செப்டம்பரில் தொடங்கினார்கள், 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் அறிவித்தார்கள். இதைத் தனியாகப் போய்த் திறக்க வேண்டியதில்லை. 18 வயதுக்குக் கீழ் என்று தேதி சொன்னால் கணக்கு தானாகவே அந்த வகையில் விழும். விழுந்ததும் கணக்கு பூட்டியபடி இருக்கும், பின்தொடர வருகிறவரைப் பிள்ளை ஒவ்வொருவராக ஏற்றுக்கொண்டால்தான் உள்ளே வரலாம். பிள்ளை யாரைப் பின்தொடர்கிறதோ, யாரோடு ஏற்கெனவே தொடர்பு இருக்கிறதோ, அவர்கள் மட்டுமே மெசேஜ் அனுப்ப முடியும். அடிதடி, உடம்பைக் காட்டும் வீடியோ போன்றவற்றை வடிகட்டுவதும் தானாகவே இயங்கும். ஒரு நாளில் 60 நிமிடம் ஆனதும் 'போதும், மூடு' என்று நினைவூட்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணிவரை அறிவிப்புச் சத்தம் வராது, மெசேஜ் அனுப்புகிறவருக்குத் தானாக ஒரு பதில் போகும். 16 வயதுக்குக் கீழ் இருந்தால் இதில் எதைத் தளர்த்தவும் பெற்றோர் அனுமதி வேண்டும். 16, 17 வயதுப் பிள்ளைகள் பெற்றோர் மேற்பார்வையில் இல்லையென்றால் தாங்களே தளர்த்திக்கொள்ளலாம்.

இத்தனையும் அந்த ஒரே ஒரு தேதியில் தொங்குகிறது. நான் 2000 என்று போட்டதும் எல்லாம் போச்சு.

கூகுளிலும் அப்படித்தான். ஜிமெயிலில் 18-க்குக் கீழ் என்று இருந்தால் தேடலில் ஆபாசத்தை வடிகட்டும் சேஃப்சர்ச் தானாக இயங்கும். யூடியூபில் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாது, 'கொஞ்சம் ஓய்வு எடு', 'தூங்கப் போ' என்ற நினைவூட்டல்களும் முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்கும். 'என் பையன் ராத்திரி பூரா யூடியூப் பார்க்கிறான்' என்று நம் கடையிலேயே வந்து புலம்புகிற அப்பாக்களிடம், அதற்கு நாமும் கொஞ்சம் காரணம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சரி, அந்த அக்காவின் போனுக்கு வருகிறேன். முதலில் ஒரு சோதனை செய்தேன். அந்தப் பிள்ளை பின்தொடராத என் கடை ஐடியிலிருந்து அவளுக்கு ஒரு 'ஹாய்' அனுப்பினேன். அடுத்த நொடியே `Requests`-ல் வந்து உட்கார்ந்தது. பிறகு பிள்ளையின் ஆதாரைப் பார்த்து, இன்ஸ்டாகிராமில் மூன்று கோட்டை அழுத்தி, `Accounts Center`, அதில் `Personal details`, அதில் `Birthday` என்று போய் உண்மையான தேதியைப் போட்டேன். மாறிய பிறகு புதிதாக ஒரு ஐடி திறந்து, அதிலிருந்து திரும்ப 'ஹாய்' அனுப்பிப் பார்த்தேன். போகவில்லை. ஐடி எந்த வகையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. புது ஐடியில்தான் சோதிக்க வேண்டும், ஏற்கெனவே பேசிய ஐடியில் சோதித்தால் குழப்பும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பிள்ளைக்கு இன்னும் 13 ஆகவில்லை என்றால் உண்மைத் தேதியைப் போட்டதும் கணக்கையே முடக்கிவிடுவார்கள், அந்த வயதுக்கு அனுமதியே கிடையாது. அதைப் பெற்றோரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இன்னொன்று, கீழே இறக்கிய வயதைப் பிள்ளை மறுபடி 18-க்கு மேல் ஏற்றப் பார்த்தால் அடையாள அட்டையோ முகத்தைக் காட்டும் வீடியோவோ கேட்பார்கள். இது நல்லதுதான். ஆனால் அதைச் செய்து தரச் சொல்லி பிள்ளைகள் நம் கடைக்குத்தான் வருவார்கள். வந்தால் நம் முகத்தைக் காட்டக் கூடாது. சிரிக்காதீர்கள், காட்டிய ஆளை எனக்குத் தெரியும்.

தேதி மாறியதும் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாளே அக்கா திரும்ப வந்தார், "இன்னும் ஒருத்தன் அனுப்புறான் தம்பி." பார்த்தால், அவனை அந்தப் பிள்ளை ஏற்கெனவே பின்தொடர்ந்திருந்தது. புதுப் பூட்டு புதிதாக வருகிறவனைத்தான் நிறுத்தும், முன்பே உள்ளே வந்து திண்ணையில் உட்கார்ந்தவனை எழுப்பாது. நம் பிள்ளைகளிடம் 'ஃபாலோ பேக்' என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, யார் பின்தொடர்ந்தாலும் மரியாதைக்குத் திரும்பப் பின்தொடர்வது, அதுதான் இந்தப் பூட்டின் ஓட்டை. ஒருவன் அவளைப் பின்தொடர்வதால் மட்டும் அவனால் மெசேஜ் அனுப்ப முடியாது. அவள் அவனைப் பின்தொடர்ந்த நிமிடம் கதவு திறந்துவிடும். அன்று மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அக்காவும் பாப்பாவும் நானும் உட்கார்ந்து பட்டியலைப் பெயர் பெயராகப் பார்த்தோம். "இது யாரு?" என்று அக்கா கேட்பார். பாப்பா "ஸ்கூல்" என்பாள், "டியூஷன்" என்பாள், "தெரியல" என்பாள். 'தெரியல' எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் நீக்கினோம், மெசேஜ் அனுப்பிய பயல்களைத் தடுத்தும் வைத்தோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தரம் பாப்பா அழுதது. முதலிலேயே சரியான தேதி போட்டிருந்தால் இந்த ஒன்றரை மணி நேரமும் அந்தக் கண்ணீரும் தேவையே இல்லை.

அடுத்தது பெற்றோர் மேற்பார்வை. இது தானாக வராது. `Family Center` வழியாகப் பெற்றோரோ பிள்ளையோ அழைப்பு அனுப்ப வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும். பெற்றோருக்கும் ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு இருக்க வேண்டும். இணைத்துவிட்டால், கடந்த 7 நாளில் பிள்ளை யார் யாரோடு பேசியது என்ற பெயர்ப் பட்டியல் பெற்றோருக்குத் தெரியும். என்ன பேசியது என்பது தெரியாது. இதைச் சொன்னதும் அக்கா முகம் வாடியது, பாப்பா முகம் தெளிந்தது. எனக்கு அந்த அளவு சரி என்றே படுகிறது. வயசுப் பிள்ளை சிநேகிதியிடம் பேசுவதையெல்லாம் வரி வரியாகப் படித்தால் வீட்டில் நிம்மதி மிஞ்சாது.

நேர விஷயத்தில் ஒரு வித்தியாசத்தை நாம் வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்வதில்லை. 60 நிமிட நினைவூட்டல் வெறும் நினைவூட்டல், பிள்ளை அதைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்து பார்க்கலாம். இரவு 10 மணி ஏற்பாடும் சத்தத்தைத்தான் அடக்கும், ஆப்பைப் பூட்டாது. மேற்பார்வையில் இணைந்த பெற்றோர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நேரம் குறித்தால்தான் அந்த நேரம் தீர்ந்ததும் ஆப் நிற்கும். இரவில் இந்த மணியிலிருந்து இந்த மணிவரை திறக்கக் கூடாது என்று பூட்டுவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. 'டீன் அக்கவுன்ட் போட்டாச்சு, ராத்திரி தானா நின்னுடும்' என்று சொல்லி அனுப்பினால் அம்மா எட்டு மணிக்கு நிம்மதியாகத் தூங்குவார், பிள்ளை பன்னிரண்டுவரை சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

அக்காவிடம் பட்டன் போன். அப்படியானால் பெற்றோர் கணக்கை எங்கே வைப்பது? இந்த இடத்தில் நாம் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறோம். பிள்ளையின் போனிலேயே அம்மா பெயரில் ஒரு ஐடி திறந்து, அதையும் இதையும் இணைத்துக் கொடுத்துவிடுகிறோம். பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டுகிற வேலை அது. பிள்ளை தன் கணக்கிலிருந்து 'அனுமதி வேண்டும்' என்று அனுப்பும், அதே போனில் அம்மா கணக்குக்குத் தாவி 'சரி' என்று அழுத்தும், திரும்பத் தன் கணக்குக்கு வந்துவிடும். அரை நிமிட வேலை. பெற்றோர் கணக்கு வேறொரு போனில்தான் இருக்க வேண்டும்.

பஹ்ரைனில் இருக்கும் அப்பாவிடம் வாட்ஸ்அப்பில் பேசினோம். அவரிடம் இன்ஸ்டாகிராம் இருந்தது, அழைப்பு அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார். இரவு ஒன்பதரையிலிருந்து காலை ஆறுவரை பூட்டு, பகலில் ஒன்றரை மணி நேரம் என்று அவரே குறித்தார். இங்கே ஒன்பதரை என்றால் அங்கே ஏழு மணி, கரை ஏறிச் சாப்பிட்டுவிட்டு மகளோடு பேசுகிற நேரம். அதற்கு மேல்தான் பூட்டு விழ வேண்டும் என்று பாப்பா கேட்டதால் பத்து மணிக்கு மாற்றினார்.

இரண்டு வாரம் கழித்து அப்பாவே எனக்குக் கூப்பிட்டார். கணக்கை எல்லோருக்கும் திறந்துவிட மகள் அனுமதி கேட்டிருக்கிறாள், ஏதோ டான்ஸ் ரீல்ஸ் போட்டியாம். வலை இழுக்கிற நேரத்தில் அறிவிப்பு வந்ததால் என்னவென்று பார்க்காமல் 'சரி' அழுத்திவிட்டாராம். "தம்பி, திரும்ப மூட முடியுமா?" என்றார். மூடலாம், மூடினோம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிற அப்பாக்களுக்குப் பிள்ளை கேட்டதை மறுக்கவே மனசு வராது. அதனால் இப்போதெல்லாம் இணைத்துக் கொடுக்கும்போது, அனுமதி கேட்டு எது வந்தாலும் அழுத்துவதற்கு முன் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

இந்த மேற்பார்வையை எந்த நேரமும் பிள்ளையே நீக்கிவிடலாம், நீக்கினால் பெற்றோருக்கு அறிவிப்பு வரும். இன்னொரு பொய்த் தேதியோடு இரண்டாவது ஐடி திறந்துகொள்ளவும் வழி இருக்கிறது. கணக்கில் போட்ட நேரக் கட்டுப்பாடு அந்தக் கணக்குக்கு மட்டும்தான். அதனால் போனிலேயே இன்னொரு பூட்டுப் போடுவது நல்லது. ஆண்ட்ராய்டில் கூகுளின் `Family Link` இருக்கிறது. இன்ஸ்டாகிராம் ஆப்புக்கு ஒரு மணி நேரம் என்று அதில் குறித்தால், உள்ளே எத்தனை ஐடி இருந்தாலும் மொத்தமும் அந்த ஒரு மணிக்குள் அடங்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆப்பைப் பூட்டினால் பிள்ளை குரோமில் `instagram.com` திறக்கும். அதே `Family Link`-ல் குரோம் பகுதிக்குப் போய் அந்த முகவரியையும் தடுக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் போட்ட பூட்டு எதுவும் வாட்ஸ்அப்புக்கு ஒட்டாது. யார் யார் குழுவில் சேர்க்கலாம் என்ற இடத்தில் தெரிந்த எண்கள் மட்டும் என்று மாற்றிக் கொடுங்கள், அறியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை அமைதியாக்கி வையுங்கள்.

சட்டமும் வந்துகொண்டிருக்கிறது. 2023-ல் நிறைவேறிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் விவரங்களைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, இந்தப் பகுதி நடைமுறைக்கு வர 18 மாதம் கெடு வைத்திருக்கிறார்கள். ஒப்புதல் தருகிறவர் வயது வந்தவர்தான் என்று காட்ட டிஜிலாக்கர் போன்ற வழிகளை விதிகளில் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாள் வந்ததும் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? "அண்ணே, எங்க அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது, உங்க டிஜிலாக்கர்லயே போட்டு விடுங்க, நூறு ரூபா தரேன்" என்று ஒரு பையன் வருவான். இப்போதே "அப்பா ஐடி ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே" என்று என்னிடம் மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூன்று பேரும் மீசை முளைக்காதவர்கள்.

என் கடையில் இப்போது உண்மைத் தேதி இல்லாமல் ஐடி போடுவதில்லை. ஆதாரோ பிறப்புச் சான்றிதழோ கொண்டுவரச் சொல்கிறேன், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், ஜெராக்ஸ் எடுத்து வைப்பதில்லை. 13 ஆகாத பிள்ளைக்கு இன்ஸ்டாகிராம் போடுவதே இல்லை. போன வாரம் ஒரு அம்மா, "பக்கத்துக் கடைல கேக்காமலே போட்டுத் தராங்க, நீ என்னமோ கலெக்டர் ஆபீஸ் மாதிரி சர்டிபிகேட் கேக்குற" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஐம்பது ரூபாய் போனால் போகட்டும். அவர் அடுத்த கடையில் போய் உட்கார்ந்ததை என் மேசையிலிருந்தே பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். நான் ஒருவன் மட்டும் கேட்டால் என் வியாபாரம்தான் போகும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் இதை எல்லோருக்கும் எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. தேதிச் சக்கரத்தில் கை வைக்கும் முன் "பாப்பா எந்த வருஷம் பொறந்தது?" என்று கேளுங்கள், சொன்னதைப் போடுங்கள். ஏற்கெனவே போட்ட பொய்த் தேதிகளோடு அந்தப் பிள்ளைகள் ரீசார்ஜுக்கோ கிளாஸ் ஒட்டவோ நம்மிடம் திரும்ப வருவார்கள். அப்போது அவர்களோடு யாராவது பெரியவர் வந்திருந்தால் சொல்லிவிட்டுத் திருத்திக் கொடுங்கள், காசு வாங்காதீர்கள். நாம் செய்த வேலையைத்தானே நாம் திருத்துகிறோம்.

`Family Center`-ஐ இணைப்பதில் யாருக்காவது சிக்கல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் என் கடைக்கு வாருங்கள். ஷட்டர் பாதி இறக்கித்தான் இருக்கும், குனிந்து வந்துவிடுங்கள். இரண்டு போனோடு வாருங்கள், ஒரே போனில் இணைத்துப் பயனில்லை.

இப்படிக்கு,
உங்களைப் போல ஒரு கடைக்காரன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்